ஆட்சி அல்ல, கண்: பெயரைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

"மொரிஷியசில் பிறந்தவன். வீட்டில் விசாலாட்சி, கோபாலன் என்றெல்லாம் பெயர்கள் இருக்கின்றன. சம்ஸ்கிருதம் என்கிறார்கள். இவற்றின் அசல் பொருளை எப்படிக் கண்டுபிடிப்பது?"

பெயர் வைக்கும் இணையதளம் எதையாவது பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தயவுசெய்து அவற்றை நம்பாதீர்கள். எனக்கு இதில் ஒரு பழைய கோபம் உண்டு.

என் பாட்டி பெயர் நீலாயதாட்சி. இங்கே மொரிஷியசில், ரோஸ் ஹில்லில் எல்லோருக்கும் அவர் நீலா. அவர் காலமான பிறகு நினைவு அட்டை அச்சடித்தபோது, பெயருக்குக் கீழே பொருளும் போடலாம் என்று யாரோ சொல்ல, "நீலக் கடலை ஆட்சி செய்பவள்" என்று அச்சாகி வந்தது. கடல் தாண்டி வந்த குடும்பம் இல்லையா, எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அந்தப் பெயரில் கடலும் இல்லை, ஆட்சியும் இல்லை.

சம்ஸ்கிருதத்தின் 'க்ஷ' தமிழில் 'ட்ச' ஆகும். பக்ஷி பட்சி ஆனது, லக்ஷ்மி லட்சுமி ஆனது. அதே வழியில் 'அக்ஷி', அதாவது கண், 'அட்சி' ஆகிறது. முன்னால் உள்ள சொல் அகரத்தில் முடிந்தால் இரண்டு அகரமும் சேர்ந்து நெடிலாகும். விசால + அக்ஷி, விசாலாக்ஷி, விசாலாட்சி: அகன்ற கண்ணுடையவள். காமாட்சியும் மீனாட்சியும் இப்படித்தான். 'ஆள்' என்ற வினையிலிருந்து வந்த தமிழ் 'ஆட்சி'க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பாட்டி பெயரில் இன்னொரு சிக்கல் இருந்தது. நீல, அட்சி இரண்டும் சரி. நடுவில் இருப்பது ஆயதமா, ஆயுதமா? ஆயதம் என்றால் நீண்டது, ஆயுதம் என்றால் படைக்கலம். இங்கே பதிவேட்டில் குமாஸ்தா தன் காதில் விழுந்ததை எழுதி வைத்ததால், அந்த உகரம் இருந்ததா இல்லையா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. தமிழ் எழுத்தும் பாதிதான் உதவும். ஒரே 'த', சம்ஸ்கிருதத்தின் நான்கு ஒலிகளுக்கு நிற்கிறது. ஆயதத்தில் இருப்பது ஒரு ஒலி, ஆயுதத்தில் இருப்பது வேறு.

இதைத் தீர்த்து வைத்தது கோயில். நாகப்பட்டினம் காயாரோகணேசுவரர் கோயிலில் அம்மன் பெயர் நீலாயதாட்சி. அதே அம்மனுக்குத் தமிழ்ப் பெயர் கருந்தடங்கண்ணி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீலத்துக்குக் கரு, ஆயதத்துக்குத் தட, அட்சிக்குக் கண்ணி. கரிய, நீண்டு அகன்ற கண்ணுடையவள். ஆயுதத்துக்கு அங்கே இடமே இல்லை. மதுரை மீனாட்சிக்கும் இதே சான்று உண்டு. சம்பந்தர் தேவாரத்தில் அவள் அங்கயற்கண்ணி. கயல் என்பது மீன்.

ஆகவே உங்கள் வீட்டுப் பெயர் ஒரு தெய்வத்தின் பெயரானால், முதலில் அந்தக் கோயிலில் வழங்கும் தமிழ்ப் பெயரைத் தேடுங்கள். அப்புறம் பெயரைப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் பாருங்கள். dsal.uchicago.edu தளத்தில் இலவசமாக இருக்கிறது. வடசொல்லாக இருந்தால் '<' குறிக்குப் பின்னால் மூலச்சொல் புள்ளி, கோடுகளோடு ரோமன் எழுத்தில் இருக்கும். எந்த 'த', எந்த 'ப' என்பது அங்கே தெரிந்துவிடும். முழுப் பெயரைத் தட்டிவிட்டு ஒன்றும் வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள், துண்டு துண்டாகத் தேடுங்கள்.

கோபாலனுக்கு இது அவசியம் வேண்டும். பாலசுப்பிரமணியனில் இருக்கும் 'பால' குழந்தை, கோபாலனில் இருப்பது காப்பவன். தமிழில் எழுத்து ஒன்றுதான், மூலத்தில் ஒலி வேறு. கோ + பால, பசுக்களைக் காப்பவன்.

வடமொழிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் வருவார்கள். நான் என் பேத்திக்குக் கயல்விழி என்றுதான் பெயர் வைக்கச் சொன்னேன். மீனாட்சியின் 'மீன' என்பதே தமிழ் மீனிலிருந்து வடக்கே போன சொல் என்று சொல்லும் மொழி அறிஞர்களும் உண்டு. பாட்டியின் பெயரில் இல்லாத கடலை ஏற்றாதீர்கள் என்பதுதான் என் வாதம்.

பெயரைப் பற்றிப் பேச ஆரம்பித்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தாத்தாவின் பத்திரத்தில் குடும்பப் பெயர் ஒரு விதம், அப்பாவுடையதில் வேறு விதம். எழுத்தைத் திருத்தித் தரச் சொல்லி ஒரு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். "இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார்கள். தப்பாக எழுதியது அவர்கள் ஆள், அத்தாட்சி கொண்டுவர வேண்டியவன் நானாம். உங்கள் தாத்தாவின் பதிவை மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களில் தேடப் போனால், ஒரே எழுத்துக்கூட்டலோடு போகாதீர்கள். கோபாலன் ரோமன் 'p' எழுத்திலும் இருக்கலாம், மெல்லொலி கேட்ட குமாஸ்தா கையில் 'b' எழுத்திலும் இருக்கலாம். இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள்.