கொடியேற்ற நாளில் அதிபர் பேச வேண்டிய மூன்று நிமிடம்

கேள்வி: பெப்ரவரி 4 கொடியேற்றத்தில் எங்கள் அதிபர் பேசுவதற்கு, குடிமக்களின் கடமைகள் பற்றிச் சின்னதாக, உணர்ச்சியாக ஒரு உரை வேண்டும். யாராவது எழுதித் தருவீர்களா?

பதில்:

நீங்கள் தமிழ்ப் பாட ஆசிரியராகத்தான் இருப்பீர்கள். முதல் நாள் பின்னேரம் அதிபர் கூப்பிட்டு "ஒரு பேச்சு எழுதித் தாங்கோ" என்று சொல்லியிருப்பார். மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் ஒரு சிறிய பாடசாலையில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த உரையைப் பல வருடங்கள் பேசியிருக்கிறேன், அதைவிட அதிகமாகக் கேட்டும் இருக்கிறேன். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்று. கொடியில் எந்த நிறம் யாரைக் குறிக்கிறது, சிங்கம் எதைக் குறிக்கிறது என்று தொடங்க வேண்டாம். பிள்ளைகள் அதைச் சின்ன வகுப்பிலேயே படித்துவிட்டார்கள். "நாட்டுக்காக உழைப்போம்" என்றும் பொதுவாகப் பேச வேண்டாம். எப்படி உழைப்பது என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு அதில் ஒன்றும் விளங்காது. கடமைகளைச் சொல்வதற்கு நமக்கு ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கிறது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 28ஆவது உறுப்புரை ஆறு கடமைகளைச் சொல்கிறது. ஆறையும் ஒரு வரியில் சொல்லிவிட்டு, ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுங்கள். நான் பிடித்துக்கொண்டது பொதுச் சொத்தை.

ஒருமுறை சுதந்திர தினத்துக்கு முந்திய கிழமை, தண்ணீர் குடிக்கும் இடத்திலிருந்த பைப்பை யாரோ முறுக்கி உடைத்துவிட்டார்கள். இரவு முழுக்க ஓடி டாங்கி காலி. மறுநாள் காலையில் பகலுணவு சமைக்க வந்த தாய்மார் பின்வளவுக் கிணற்றில் இறைத்து, வாளி வாளியாகச் சுமந்துதான் அரிசி கழுவினார்கள். அதில் ஒருவர் கைக்குழந்தையோடு வந்தவர். உடைந்த பைப்பைக் கழற்றி எடுத்தேன். பித்தளைத் துண்டு, கழுத்துப் பக்கம் பிளந்து, உள்ளே இருந்த கறுப்பு வாசர் பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கொடியேற்றத்தன்று அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டுதான் மேடைக்குப் போனேன். தேசிய கீதம் முடிந்ததும் அதை எடுத்துக் காட்டி நான் பேசியது கிட்டத்தட்ட இதுதான்:

"அன்பான பிள்ளைகளே, ஆசிரியர்களே, பெற்றோரே, வணக்கம்.

இது என்ன என்று தெரிகிறதா? நம்முடைய தண்ணீர்ப் பைப். போன கிழமை இதை யாரோ உடைத்துவிட்டார்கள். உங்களுக்குச் சமைக்க வந்த அம்மாமார் அன்றைக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள்.

இந்தப் பைப் யாருடையது? அரசாங்கத்துடையது என்பீர்கள். அரசாங்கத்துக்குக் காசு எங்கிருந்து வருகிறது? உங்கள் அம்மா வாங்கும் சவர்க்காரத்தில் வரி இருக்கிறது. அப்பா போனுக்குப் போடும் ரீலோட்டில் வரி இருக்கிறது. அந்தக் காசில் வந்த பைப் இது. உங்கள் வீட்டுப் பைப்.

நம் நாட்டின் அரசியலமைப்பு ஆறு கடமைகளைச் சொல்கிறது. சட்டத்தைக் காப்பது, ஒற்றுமையை வளர்ப்பது, செய்யும் தொழிலை மனச்சாட்சியோடு செய்வது, பொதுச் சொத்தைக் காப்பது, அடுத்தவர் உரிமையை மதிப்பது, இயற்கையைக் காப்பது. வாக்களிக்க உங்களுக்கு 18 வயதாக வேண்டும். இந்த ஆறுக்கும் வயதெல்லை இல்லை. தரம் ஒன்றுப் பிள்ளைக்கும் உண்டு, எனக்கும் உண்டு.

இந்தக் கடமைகளைச் செய்யும்படி நீதிமன்றத்தில் கேட்க முடியாது என்று அதே அரசியலமைப்பு அடுத்த வரியில் சொல்கிறது. அப்படியானால் யார் கேட்பது? நீங்கள்தான் கேட்க வேண்டும், உங்களிடமே. யாரும் இல்லாத நேரத்தில் ஒழுகுகிற பைப்பைப் பூட்டிவிட்டுப் போகிற பிள்ளை இந்தக் கொடிக்கு மரியாதை செய்துவிட்டது.

இன்றைக்குத் தண்ணீர் குடித்துவிட்டு யார் யார் பைப்பைப் பூட்டுவீர்கள்? கையை உயர்த்துங்கள். நன்றி."

அவ்வளவுதான். நிதானமாக வாசித்தாலும் மூன்று நிமிடம் தாண்டாது. இந்த உரையில் கையில் இருக்கும் பொருள்தான் முக்கியம். உங்கள் பாடசாலையில் பைப் உடையாமல் இருக்கலாம். கால் முறிந்த கதிரை, கிழிந்த நூலகப் புத்தகம், எது கிடைக்கிறதோ அதை எடுங்கள். ஆனால் உங்கள் பாடசாலையிலேயே உடைந்ததாக இருக்க வேண்டும். உடைத்தவன் யார் என்று தெரிந்தாலும் மேடையில் பெயரையோ வகுப்பையோ சொல்லக் கூடாது. சொன்னால் பிள்ளைகள் எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்ப்பார்கள், பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள்.

சட்டம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருமுன் சொல்லிவிடுகிறேன். கடமைகளை நீதிமன்றத்தில் அமல்படுத்த முடியாது என்பது 29ஆவது உறுப்புரை. அதற்காகப் பொதுச் சொத்தை உடைத்தால் குற்றமில்லை என்று ஆகிவிடாது. அதற்கு 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் தனியாக இருக்கிறது. அதை உரையில் நான் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. பிள்ளைகளைப் பொலிஸைக் காட்டிப் பயமுறுத்தினால், பொலிஸ் இல்லாத இடத்தில் பைப் மறுபடி உடையும்.

இன்னொரு பக்கத்தாரும் இருக்கிறார்கள். "எங்கட உரிமைகளே கிடைக்கேல்ல, அதுக்குள்ள கடமையைப் பற்றிக் கதைக்கிறீங்களே சேர்" என்று ஒரு தகப்பன் என்னிடம் நேரே கேட்டார். எங்கள் மண்ணில் அந்தக் கேள்விக்கு நியாயம் இருக்கிறது. காணி போனவர்களும், பிள்ளையைத் தேடிக்கொண்டிருப்பவர்களும் எங்கள் பாடசாலைப் பெற்றோருக்குள்ளேயே இருந்தார்கள். நான் அவரோடு வாதாடவில்லை. 28ஆவது உறுப்புரையின் முதல் வரியே உரிமையையும் கடமையையும் பிரிக்க முடியாது என்றுதான் தொடங்குகிறது என்று காட்டினேன். கடமைக்குத்தான் நீதிமன்றம் இல்லை, அடிப்படை உரிமைக்கு இருக்கிறது. அரச அதிகாரி அடிப்படை உரிமையை மீறினால் 126ஆவது உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்த ஒரு மாதக் கணக்கு எங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தாலும் கொழும்புக்குப் போய் வழக்காடக் காசு வேண்டாமா? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதை நானே விளக்கிச் சொன்னேன். கடமையைப் பற்றி மேடையில் பேசுகிற அதிபர் உரிமையைப் பற்றிப் பேசவும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் மேடைப் பேச்சைப் பெற்றோர் நம்ப மாட்டார்கள்.

இதை எழுதும்போது ஒரு கோபமும் வருகிறது. எங்களைப் போன்ற பாடசாலைகளில் கூட்டித் துடைக்கச் சிற்றூழியர் இல்லை, ஆசிரியர் வெற்றிடம் வருடக்கணக்காக நிரப்பப்படுவதில்லை. அதைப் பற்றி எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராது. ஆனால் கொடியேற்றிய படம் பத்து மணிக்குள் வாட்ஸ்அப்பில் வரவில்லை என்றால் மேலிடத்திலிருந்து உடனே அழைப்பு வரும். படத்துக்காக ஏற்றிய கொடியை இறக்கி மறுபடி ஏற்றிய பாடசாலையை என் கண்ணாலேயே பார்த்தேன். கீதத்துக்கு அசையாமல் நின்ற பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிரதம விருந்தினர் வருவதாக இருந்தால், அதிபரின் உரையை அவருக்காகத் தள்ளிப்போட வேண்டாம். கொடி, கீதம், மௌன அஞ்சலி, உடனே அதிபர். விருந்தினர் எப்போது வந்தாலும் பிறகு பேசட்டும். ஒருமுறை ஒருவருக்காகக் காத்திருந்து, வெயிலில் ஒரு பெண் பிள்ளை மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகு எங்கள் பாடசாலையில் நிகழ்ச்சி நிரலை இந்த ஒழுங்கில்தான் எழுதி ஒட்டினோம்.