இரண்டாவது வெட்டு மெஷின்

"வணக்கம் அண்ணா. கிளிநொச்சியில் லீசிங்கில் எடுத்த நெல் வெட்டும் மெஷின் ஒன்று ஓடுகிறது. ஏக்கருக்கு 14,000 ரூபாய் வாங்குகிறேன். டீசல், ஓட்டுநர் கூலி, தரகு, திருத்த வேலை என்று அதில் 7,000 போகும். லீசிங், காப்புறுதி, கொட்டில் வாடகை வருடத்துக்கு 28 இலட்சம். போன வருடம் 500 ஏக்கர் வெட்டி 7 இலட்சம் மிஞ்சியது. இன்னொன்று எடுத்தால் 900 ஏக்கர் வெட்டலாம். எடுக்கவா?"

அன்புள்ள தம்பி,

இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

ஒரு ஏக்கரில் உங்கள் கையில் நிற்பது 7,000. 28 இலட்சத்தை அதால் பிரித்துப் பாருங்கள், 400 ஏக்கர் வரும். அதுவரை நீங்கள் வெட்டுவது லீசிங்குக்கும் கொட்டில்காரருக்கும்தான். மிச்சம் 100 ஏக்கர் உங்களுடையது. கணக்கியலில் பாதுகாப்பு எல்லை என்பது இதுதான். உங்களுக்கு அது 20 வீதம்.

20 வீதம் என்றால் நெம்பு ஐந்து மடங்கு, அதாவது வெட்டு ஒரு வீதம் மாறினால் இலாபம் ஐந்து வீதம் மாறும். வெட்டு 50 ஏக்கர், அதாவது 10 வீதம், குறைந்தால் இலாபம் 7 இலட்சத்திலிருந்து 3.5 ஆகிவிடும். 50 ஏக்கர் கூடினால் 10.5. போன வருடம் நன்றாக ஓடியவருக்கு இந்த இரண்டாவது பக்கம்தான் கண்ணில் படும்.

வன்னியில் 100 ஏக்கர் போக அதிக நேரம் எடுக்காது. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைவென்றால் சிறுபோகக் கூட்டத்திலேயே விதைப்புப் பரப்பைக் குறைத்துவிடுவார்கள். காலபோக அறுவடையில் மழை விழுந்தால் வயல் சேறாகி ஒரு நாளில் வெட்டும் ஏக்கர் குறையும், டீசலும் கூடக் குடிக்கும். அப்போது அந்த 7,000 உம் நிற்காது.

இரண்டு மெஷின் என்றால் நிலையான செலவு 56 இலட்சம், 800 ஏக்கர் வெட்டினால்தான் கணக்குச் சரி. நீங்கள் சொல்லும் 900 இல் மிஞ்சுவது அதே 7 இலட்சம். ஆனால் பாதுகாப்பு எல்லை 11 வீதமாகவும் நெம்பு ஒன்பது மடங்காகவும் ஆகிவிடும். காசு ஒன்றுதான், பயம் இரட்டிப்பு.

இன்னொன்று. அந்த மேலதிக 400 ஏக்கரைப் பிடிக்க விலையைக் குறைக்க நினைப்பீர்கள். வெளிமாவட்ட மெஷின்கள் வந்து இறங்கும்போது எல்லாரும் செய்வதுதான். விலையில் 10 வீதம் விட்டால் ஏக்கருக்கு 1,400 போய் 5,600 தான் நிற்கும். இப்போதுள்ள ஒற்றை மெஷினுக்கே அப்போது 500 ஏக்கர் வேண்டும். முன்பு 7 இலட்சம் தந்த அதே 500, இப்போது ஒரு சதமும் தராது. ஏக்கர் குறைவதைவிட விலை குறைவது கொடியது, ஏனென்றால் விட்ட காசுக்கு ஈடாக டீசல் மிச்சமாவதில்லை.

மேலதிக வயல் உண்மையிலேயே கைவசம் இருந்தால், வேறொருவரின் மெஷினை ஏக்கர் கணக்கில் கூப்பிடுங்கள். அவருக்கு 12,000 கொடுத்து 2,000 வைத்துக்கொண்டாலும் 200 ஏக்கரில் 4 இலட்சம் வரும். வயல் கிடைக்காத வருடம் உங்களுக்குச் செலவும் இல்லை. அறுவடை உச்சத்தில் யாரும் மெஷினை விடமாட்டார்கள், அதனால் விதைப்பு முடிந்த கையோடு பேசி முற்பணம் கொடுத்துவிடுங்கள்.