முதல் கடை மூடியாச்சு, அடுத்த தொழிலை எதை வைத்து முடிவு செய்வது?

"ரெடிமேட் சுடிதார் கடை போட்டேன், பதினாலு மாசத்துல மூடிட்டேன். இனி என்ன தொழில் செய்யலாம்?"

நானும் இதே கடை வைத்து மூடியவள்தான். மூடிய பிறகு பழைய பில் புத்தகங்களை எடுத்து, மொத்த விற்பனையைப் பார்க்காமல், ஒவ்வொரு வகையிலும் கையில் நின்ற பணத்தைத் தனித்தனியாக எழுதினேன்.

சுடிதார் மாதம் சுமார் 80,000 ரூபாய்க்குப் போனது. கொள்முதல் போக 20,000 நின்றது. ஆனால் 12,000 வாடகைக்கும், மீதி 8,000 சில சைஸ் மட்டும் மிஞ்சித் தேங்கிய சரக்குக்கும் போய்விட்டது. மூலையில் சும்மா போட்டிருந்த மெஷினில் புடவைக்கு ஓரம் அடித்து, கையால் ஃபால்ஸ் வைத்துக் கொடுத்தேன். புடவைக்கு 120 ரூபாய், துணி, நூல் செலவு 40. மாதம் நூறு புடவை வந்ததில் 8,000 நின்றது. தேக்கம் இல்லை, கடனும் இல்லை. இதை நான் வியாபாரமாகவே நினைத்ததில்லை!

உடனே மெஷின் வாங்கிவிடாதீர்கள். அந்தப் புடவைகள் உங்களைத் தேடி வந்தனவா, கடை இருந்த தெருவுக்காக வந்தனவா என்று பார்க்க வேண்டும். நான் பில்லில் இருந்த எண்களில் முப்பது பேருக்கு, வீட்டிலேயே தைக்கிறேன் என்று சொன்னேன். பதினோரு பேர் புடவையோடு வந்தார்கள். முன்பு பேருந்து நிறுத்தத்தில் இறங்கிக் கடைக்கு வந்தவர்கள் ஒருவரும் வரவில்லை.

நேரத்தையும் கணக்கில் சேருங்கள். கையால் ஃபால்ஸ் தைக்க எனக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கிறது. ஒரு நாளைக்கு எட்டுப் புடவைக்கு மேல் என்றால் இன்னொரு கை வேண்டும், அவர் கூலி போனால் அந்த 80 ரூபாய் பாதியாகிவிடும்.