எந்த வரி அப்படிச் சொல்லுது?

அன்புள்ள ஐயா,

கடலூரில் அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். மாணவர்களில் பாதிப்பேர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். பத்தியைப் படித்து விடையளி என்றால் நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் “இந்தப் பத்தியின் மையக்கருத்து என்ன?”, “இதிலிருந்து என்ன தெரிகிறது?” என்று கேட்டால் முதல் வரியை அப்படியே எழுதுகிறார்கள், இல்லையென்றால் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள். இதை ஒரு பாடவேளையில் எப்படிக் கற்றுக்கொடுப்பது?

— ஓர் ஆசிரியை, கடலூர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த நல்ல விடைகளை முதலில் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். கரும்பலகையில் “சிலுப்பன் மொரட்டியைத் துவட்டினான்” என்று எழுதி, “சிலுப்பன் எதைத் துவட்டினான்?” என்று கேளுங்கள். வகுப்பே “மொரட்டியை” என்று கத்தும். மொரட்டி என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடி, பக்கத்தில் இருப்பதை எடுத்து எழுதினாலே மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. மையக்கருத்துக்கும் அந்த வழியில்தான் போகிறார்கள். தேட ஒரு சொல் கிடைக்காததால் முதல் வரியில் நின்றுவிடுகிறார்கள்.

உங்கள் வகுப்புக்காக ஒரு சின்னப் பத்தி எழுதியிருக்கிறேன்:

“விடியும் முன்பே மாரி கரைக்கு வந்துவிட்டார். துறைமுகத்துக் கம்பத்தில் கூண்டு ஏறியிருந்தது. மற்றவர்கள் தங்கள் படகுகளை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். மாரி வலையைத் தோளில் போட்டபடி கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நாளை கடைசி நாள். கொஞ்ச நேரம் கழித்து வலையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்துப் படகின் கயிற்றைப் பிடித்தார்.”

இது எதைப் பற்றியது என்று கேட்டால் “புயல்” என்பார்கள். அது தலைப்பு. புயலைப் பற்றி, மாரியைப் பற்றி என்ன சொல்கிறது என்று ஒரு முழு வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். “புயல் வருவதால் மாரி கடலுக்குப் போகவில்லை” என்று வரும். சரி, இப்போது ஒவ்வொரு வரியாகக் கையால் மறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் வரியை மறைத்தால் பெரிதாக எதுவும் குறையவில்லை. கட்டணம் பற்றிய வரியை மறைத்தாலும் அவர்கள் சொன்ன வாக்கியம் அப்படியே நிற்கிறது. அப்படியானால் அந்த வரிக்கு அவர்கள் வாக்கியத்தில் இடமே இல்லை என்று அர்த்தம். அதையும் உள்ளே கொண்டுவரச் சொன்னால், “பணம் அவசரமாகத் தேவைப்பட்டும், புயல் எச்சரிக்கையால் மாரி அன்று கடலுக்குப் போகவில்லை” என்பதற்கு வந்துசேர்வார்கள். அதுதான் மையக்கருத்து. பத்தியில் எந்த ஒரு வரியிலும் அது இல்லை என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.

அப்புறம் ஊகம். “மாரி கடலுக்குப் போகவில்லை” என்று பத்தி எங்குமே சொல்லவில்லை, ஆனாலும் நமக்குத் தெரிகிறது. எப்படி? வலையைக் கீழே வைத்தார், கயிற்றைப் பிடித்தார் என்ற இரண்டு செயலை வைத்து. பிள்ளைகள் என்ன சொன்னாலும் “எந்த வரி அப்படிச் சொல்லுது?” என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். “மாரி தயங்கினார்” என்றால், வலையைத் தோளில் போட்டபடி நின்ற வரியைக் காட்ட முடியும். “படகைக் கடனில் வாங்கியிருக்கிறார்” என்று ஒரு பையன் கட்டாயம் சொல்வான். அது அவன் வீட்டுக் கதையாக இருக்கலாம். தவறு என்று சொல்லாதீர்கள், வரியைக் காட்டச் சொல்லுங்கள். தேடிப் பார்த்துவிட்டு அவனே விட்டுவிடுவான். “பயந்துவிட்டார்” என்பது இரண்டுக்கும் நடுவில் இருப்பது. இருக்கலாம், ஆனால் பத்தி அதை உறுதிசெய்யவில்லை. ‘நிச்சயம்’, ‘இருக்கலாம்’, ‘பத்தியில் இல்லை’ என்று மூன்று கட்டம் போட்டு, அவர்கள் சொல்வதையெல்லாம் அவர்களையே பிரித்து எழுத வைக்கலாம். அந்த வாக்குவாதத்துக்கே பாதி நேரம் போகும், போகட்டும். பாடம் அங்கேதான் நடக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். கூண்டு என்றதும் உங்கள் மீனவப் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். மற்ற பிள்ளைகளில் யாராவது கோழிக்கூண்டை நினைத்து முழிக்கலாம். அவர்களுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். துறைமுகத்தில் 1 முதல் 11 வரை எண்ணிட்ட புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள், பொதுவாக எண் கூடினால் ஆபத்தும் கூடுகிறது என்று சொல்லிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். உடனே சொல்லிவிட்டால் குறை வாசிப்பில் இல்லை, தகவலில்தான் இருந்தது. தகவல் கொடுத்த பிறகும் வரிகளைச் சேர்த்துப் பார்க்க முடியவில்லையென்றால், அந்தப் பிள்ளையோடுதான் நீங்கள் தனியாக உட்கார வேண்டும்.

இதே காரணத்தால் அடுத்த பத்திக்குக் கடலை விட்டுவிடுங்கள். மீனவப் பிள்ளைகள் இந்தப் பத்தியில் சரியாகச் சொன்னது வரிகளைப் பார்த்தா, வீட்டு அனுபவத்தாலா என்று பிரித்துப் பார்ப்பது கடினம். பண்ருட்டிப் பலாத்தோப்பிலோ நெய்வேலிச் சுரங்கத்திலோ நடக்கிற மாதிரி ஆறு வரி எழுதுங்கள். அங்கேயும் அவர்கள் வரியைத் தொட்டுக் காட்டினால், முறை கைக்கு வந்துவிட்டது என்று நம்பலாம்.