[x²] தொகையீட்டில் எங்கே பிரிப்பது?

"0 முதல் 2 வரை ∫[x²]dx. x = 1-இல் பிரித்தேன்; முதல் பாதி 0, அடுத்த பாதி 1, ஆக விடை 1. புத்தகத்தில் 5 − √2 − √3 என்று இருக்கிறது. எங்கே தவறு?"

பிரித்த இடத்தில்தான் தவறு. மீப்பெரு முழு எண் சார்பு தாவுவது, அடைப்புக்குள் இருக்கும் கோவை முழு எண்ணைத் தொடும்போது. இங்கே உள்ளே இருப்பது x². x 0-இலிருந்து 2-க்குப் போகும்போது x² 0-இலிருந்து 4-க்குப் போகிறது. வழியில் 1, 2, 3 மூன்றையும் கடக்கிறது. ஆகவே x² = 1, 2, 3 என்று தீர்த்து 1, √2, √3 ஆகிய மூன்று இடங்களிலும் வெட்ட வேண்டும்.

ஒவ்வொரு துண்டிலும் சார்பு மாறிலி. மதிப்பை நீளத்தால் பெருக்கினால் போதும்:

```
0 முதல் 1:   0
1 முதல் √2:  1·(√2 − 1)
√2 முதல் √3: 2·(√3 − √2)
√3 முதல் 2:  3·(2 − √3)
```

கூட்டினால் √2 − 1 + 2√3 − 2√2 + 6 − 3√3 = 5 − √2 − √3, ஏறத்தாழ 1.85.

x = 2-இல் [x²] = 4 ஆகிறதே என்று தயங்க வேண்டாம். அது ஒரே ஒரு புள்ளி, தொகையீட்டை மாற்றாது.

நீங்கள் கண்ட 1 உண்மையில் ∫[x]dx-இன் மதிப்பு. இந்தக் குழப்பம் அடிக்கடி வருவதுதான். பிரித்த பிறகு ஒவ்வொரு துண்டிலும் வலது முனைக்குச் சற்று உள்ளே ஓர் எண்ணைப் போட்டுப் பாருங்கள். உங்கள் இரண்டாவது துண்டில் x = 1.9 என்றால் x² = 3.61, எனவே [x²] = 3. நீங்கள் எடுத்த 1 அல்ல. அந்தத் துண்டுக்குள் இன்னும் வெட்டு இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.