பதினான்கு மாதம் ஆகியும் தீராத துக்கம்: கிளினிக்கில் என்ன கேட்பது?

"வணக்கம் டாக்டர். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து நகரில் பொது மருத்துவராக இருக்கிறேன். 52 வயது அம்மா ஒருவர், செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை பார்த்தவர். 23 வயது மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்து 14 மாதம் ஆகிறது. இன்னும் அவன் போட்டோவோடு பேசுகிறார். சில சமயம் அவன் குரல் கேட்கிறதாம். தூக்கமில்லை, 5 கிலோ இளைத்துவிட்டார், பிபி மாத்திரையை நிறுத்திவிட்டார். 'அவன் கிட்டயே போயிடலாம்னு இருக்கு' என்றும் ஒருமுறை சொன்னார். மகள் இணையத்தில் ஏதோ கேள்வித்தாளை நிரப்பிப் பார்த்துவிட்டு, அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயப்படுகிறாள். பக்கத்து வீட்டில் கொடுத்த தூக்க மாத்திரையும் ஓடுகிறது. இது துக்கமா, நோயா? மருந்து தொடங்கலாமா?"

மருத்துவர் பதில்:

"அவன் கிட்டயே போயிடலாம்னு இருக்கு." உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி இதுதான். நீங்களும் இதற்குப் பயந்துதான் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். துக்கமா நோயா என்பதை அடுத்த வாரம்கூட முடிவு செய்யலாம். இதை நாளைக்கே கேட்டாக வேண்டும்.

மகளைச் சற்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நேராகக் கேளுங்கள்: "அம்மா, அவன் கிட்ட போகணும்னு சொன்னீங்களே, எப்படிப் போறதுன்னும் யோசிச்சீங்களா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று இளம் மருத்துவர்கள் தயங்குகிறார்கள். விதைக்காது. கேட்க ஒரு ஆள் வந்ததே என்று பலர் மூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறேன். "சாமி பார்த்து எடுத்துக்கிட்டா போதும்" என்று பதில் வந்தால், அது பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் பலர் சொல்வது. கவனமாகப் பின்தொடர்ந்தால் போதும். "அவன் பொறந்த நாள் வரட்டும்னு இருக்கேன்" என்று வந்தால், அங்கே நாளும் இருக்கிறது, ஏற்பாடும் இருக்கிறது. அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அன்றே மனநலப் பிரிவுக்கு போன் செய்து, கூட ஒரு ஆளோடு அனுப்புங்கள்.

அடுத்த கேள்வி வீட்டில் என்ன இருக்கிறது என்பது. பிபி மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அந்த மாத்திரைகள் எங்கே? மாதாமாதம் வாங்கியது ஒரு பிஸ்கட் டின்னில் சேர்ந்து கிடக்கலாம், தூக்க மாத்திரையோடு. மருந்தை விடுவதே சிலருக்கு, செத்தால் சாகட்டும் என்று வாய்விட்டுச் சொல்லாமல் சொல்லும் வழி. ஆகவே ஏன் விட்டார் என்றும் கேளுங்கள். அப்புறம் களைக்கொல்லி. பாராகுவாட்டை மலேசியா 2020-இல் தடை செய்தது. ஆனாலும் வேறு களைக்கொல்லிகள் புழக்கத்தில் இருக்கின்றன, பழைய போத்தல் கொட்டகையில் கிடக்கலாம். மருந்தடிக்கிற வேலைக்குப் போகிறவர் வீட்டில் யாராவது இருந்தால், மகளிடம் சொல்லி எல்லாவற்றையும் அன்றைக்கே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் குடும்பத்துக்குச் சொல்லுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 309, 2023-இல் நீக்கப்பட்டது. போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து மறைத்த காலம் போய்விட்டது. சுகாதார அமைச்சின் 15555 உதவி எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

சரி, மற்றவற்றுக்கு வருவோம். போட்டோவோடு பேசுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அதில் ஒன்றுமில்லை. குரல் கேட்பதும் அப்படித்தான். அவன் இறந்தது அவருக்குத் தெரிகிறது, கேட்பது அவன் குரல் மட்டும்தான் என்றால் அது மனச்சிதைவு இல்லை. அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று மட்டும் கேட்டுவிடுங்கள். "சாப்டியாம்மா?" என்றால் கவலையில்லை. "வாம்மா" என்று கூப்பிட்டால் மேலே சொன்ன கேள்விகளுக்குத் திரும்பிப் போங்கள். மகள் நிரப்பிய கேள்வித்தாளை ஓரமாக வையுங்கள். அம்மா மனதை மகள் ஊகித்துப் போட்ட மதிப்பெண் அது. அதற்கே அந்தப் பெண் இரவெல்லாம் தூங்காமல் இருந்திருப்பாள். அவளையும் உட்காரவைத்து இரண்டு வார்த்தை பேசுங்கள்.

துக்கத்துக்கும் நீடித்த துக்கக் கோளாறுக்கும் காலக்கணக்கு உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 குறைந்தது 6 மாதம் என்கிறது. 2022-இல் திருத்தி வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் வைத்தது. அவரவர் சமூக வழக்கத்தை மீறியதாகவும் இருக்க வேண்டும் என்று இரண்டுமே சொல்கின்றன. நமக்குப் பதினாறாம் நாள் கருமாதி, அந்த வருஷம் தீபாவளி கிடையாது, அப்புறம் வருஷத் திதி. முதல் ஒரு வருஷத்துத் துக்கத்துக்கு ஊரே இடம் கொடுக்கிறது. அதனால் 6 மாதத்தில் அழுகிற தாயை நோயாளி என்று எழுத நான் அவசரப்பட மாட்டேன். திதி முடிந்ததும் வருகிறவர்கள் நின்றுவிடுவார்கள், அழுகை நிற்காது. உங்கள் அம்மா இப்போது அந்த இடத்தில் இருக்கிறார்.

ஆனால் மாதக்கணக்கு மட்டும் நோயைக் காட்டாது. நான் பார்த்த ஒரு பெரியவரைச் சொல்கிறேன். பால் வெட்டி ஓய்வு பெற்றவர், மனைவி போய் 5 மாதம். என் முன்னால் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து அந்த அம்மாவின் குங்குமச் சிமிழை எடுத்து மேசையில் வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். கொஞ்ச நேரத்தில், ரசத்தில் உப்புக் குறைந்தது என்று சொன்னதற்கு அந்த அம்மா கரண்டியோடு துரத்திய கதையைச் சொல்லிச் சிரித்தார். காலையில் சாப்பாட்டுக் கடைக்குப் போய்த்தான் வந்திருந்தார். பேரனின் எஸ்பிஎம் பரீட்சை பற்றிக் கவலைப்பட்டார். துக்கம் அலை மாதிரி வந்தது, போனது. நடுவில் வாழ்க்கைக்கு இடம் இருந்தது. இது சாதாரண துக்கம். அவருக்கு மருந்தே வேண்டியிருக்கவில்லை. ஆனால் வேறொரு கிளினிக்கில் தூக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். இரவில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும்.

நீடித்த துக்கத்தில் அலை இறங்குவதில்லை. இறந்தவரைத் தேடும் ஏக்கம், அல்லது அவர் நினைவே, அனேகமாக எல்லா நாளும் இருக்கும். கூடவே, அவன் போனதை நம்ப முடியாமை, தன்னில் பாதி போய்விட்டது என்ற உணர்வு, நினைவூட்டும் எதையும் ஒதுக்கி நடப்பது. கடைசியாகச் சொன்னதைத்தான் கிளினிக்கில் எளிதாகப் பிடிக்கலாம், கேட்கத்தான் ஆள் இல்லை. விபத்தில் பிள்ளையை இழந்த ஒரு தாய் என்னிடம் வந்தார். அவன் விழுந்த முச்சந்தியைத் தவிர்க்க, சந்தைக்கு நாலு கிலோமீட்டர் சுற்றிப் போவார். சுடுகாட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் வீட்டில் அவன் ஹெல்மெட்டைத் தினமும் துடைத்து வைப்பார், இரவில் அவன் தட்டில் சோறு போடுவார். ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் தள்ளுகிறார். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். உங்கள் அம்மாவிடம் மூன்று கேள்வி போதும்: அந்த ரோட்டில் போகிறாரா? அவன் துணிமணி என்ன ஆனது? கடைசியாக எந்த விசேஷத்துக்குப் போனார்?

மனச்சோர்வு கூடவே இருக்கலாம். குற்ற உணர்வு எதைப் பற்றி என்று கேட்டுப் பாருங்கள். "அன்னைக்குப் பெட்ரோலுக்குக் காசு கொடுக்காம இருந்திருந்தா அவன் போயிருக்க மாட்டான்" என்பது துக்கத்தின் பேச்சு, மகனையே சுற்றுகிறது. "நான் எதுக்கும் லாயக்கில்லாதவ" என்பது மனச்சோர்வின் பேச்சு. எதிலும் ருசியில்லை, அவனைப் பற்றிப் பேசக்கூட மனமில்லை என்றாலும் அப்படித்தான். இளைத்த 5 கிலோவைத் துக்கத்தின் தலையில் கட்டிவிடாமல், சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின் மூன்றையும் பாருங்கள்.

மருந்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். மனச்சோர்வு இருந்தால் தொடங்குங்கள், ஒரு தடவைக்கு இரண்டு வார மாத்திரைக்கு மேல் கையில் கொடுக்காதீர்கள். ஏக்கத்துக்கு மாத்திரை இல்லை. அமெரிக்காவில் கேத்தரின் ஷியர் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், துக்கத்துக்கான பேச்சுச் சிகிச்சையோடு சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தைச் சேர்த்தபோது மனச்சோர்வு கூடுதலாகக் குறைந்தது, துக்கம் கூடுதலாகக் குறையவில்லை. தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாமல், எத்தனை நாளாக, எவ்வளவு எடுக்கிறார் என்று கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

வேலை செய்வது அந்தப் பேச்சுச் சிகிச்சைதான், சுமார் 16 அமர்வு. மரணச் செய்தி வந்த அந்த நேரத்தை நோயாளி மறுபடி மறுபடி சொல்லிப் பார்ப்பார். ஒதுக்கிய இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போவார். முழுதாகச் செய்ய அதில் பயிற்சி பெற்றவர் வேண்டும், ஆகவே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியின் மனநல கிளினிக்குக்கு எழுதுங்கள். "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்புறீங்களா?" என்று குடும்பம் கலங்கும். மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் என்பதால் நம் பக்கம் அந்தப் பெயருக்கு வேறு அர்த்தம் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் மற்ற கிளினிக் மாதிரி போய்ப் பேசிவிட்டு வீட்டுக்கு வரும் இடம் என்று முதலிலேயே விளக்கிவிடுங்கள்.

தேதி கிடைக்கும்வரை நீங்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 20 நிமிடம் ஒதுக்குங்கள். தற்கொலை எண்ணம் அடங்கியது உறுதியான பிறகு, அந்த போன் வந்த நேரத்தைச் சொல்லச் சொல்லி, குறுக்கே பேசாமல் கேளுங்கள். அதற்கடுத்த முறை மகளோடு அந்த ரோட்டின் முனைவரை நடந்துவிட்டுத் திரும்பட்டும். இன்னொரு நாள் அதற்கு மேல். அழுவார், அழட்டும், அழுது முடித்துத் திரும்ப முடிந்தது என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். மகனின் பிறந்த நாளைக் கேட்டு அவருடைய கார்டில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின வாரம் எந்த வேலை இருந்தாலும் அவருக்கு ஒரு சந்திப்பு இருக்க வேண்டும்.