டீச்சருக்கு எட்டு வரி

“ஒண்ணாம் கிளாஸ் மகள் செப்டம்பர் 5-ல் மேடையில் டீச்சரைப் பற்றிப் பாட்டு சொல்லணுமாம். நெட்டில் எடுத்த பாட்டு வாயிலேயே நுழையல. யாராவது உதவுங்க. – கோத்தகிரி”

இதைச் சொல்லிப் பாருங்க:

பஞ்சு போலப் பனி மூட
பிஞ்சுக் கையைப் பிடிப்பாங்க
கொஞ்சிக் கொஞ்சிச் சொல்லித் தந்து
நெஞ்சில் நிற்கும் எங்க டீச்சர்

பட்டன் மாட்டி விடுவாங்க
கெட்டிக்காரி என்பாங்க
தட்டித் தட்டிக் கொடுப்பாங்க
கட்டிக்கொள்வேன் எங்க டீச்சர்!

பஞ்சு, பிஞ்சு, கொஞ்சி, நெஞ்சு என்று இரண்டாம் எழுத்து ஒன்றிவருவதுதான் எதுகை. தமிழில் அது வரியின் தொடக்கத்தில் வரும், அதனால் முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொடுத்தால் குழந்தை மீதியை இழுத்துக்கொண்டு போய்விடும். “அறியாமை இருளகற்றி” மாதிரி வரிகள் ஆறு வயசு மூச்சுக்குத் தாங்காது. போன வருஷம் என் பையன் அப்படி ஒரு வரியில் நின்று, மைக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஸ்வெட்டர் பட்டன் நம்ம ஊர்க் குளிருக்காகப் போட்டது. உங்க டீச்சர் வேறு ஏதாவது செய்வாங்கன்னா அதை வையுங்க. ஆனா ‘ட்ட’ ஓசை விட்டுப்போகாமல், ‘தட்டில் சோறு வைப்பாங்க’ என்கிற மாதிரி மாத்துங்க. கடைசி வரியை முதலில் பழக்குங்க. முடிவு தெரிந்தால் நடுவில் தடுமாறினாலும் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவாள்.